வெளிநாட்டிலிருந்து ஒப்படைக்கப்பட்டவர் மேல் புது வழக்கு போட முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் கோயில் அம்மன் சிலை திருடு போனது. வெளிநாட்டு வியாபாரி ஒருவரை வேறொரு கோயில் வழக்குக்காகப் பிடித்துக் கொண்டுவந்து இங்கே ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மனை வாங்கியதும் அவர்தான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் எங்கள் வழக்கில் அவரைச் சேர்க்க முடியாது என்கிறார்கள். ஆள் இங்கேயே இருக்கும்போது ஏன் சார் முடியாது?

பதில்:

முடியாது என்று ஒரேயடியாகச் சொல்வது தவறு. இப்போதைக்கு, இந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு முடியாது என்பதுதான் சரி. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. கும்பகோணம் நீதிமன்றத்தில் சிலை வழக்குகளை நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆள் எந்த வழியில் இந்தியாவுக்கு வந்தார் என்பது. விசா முடிந்துவிட்டது, பாஸ்போர்ட் செல்லாது என்று ஒரு நாடு தன் குடியேற்றச் சட்டப்படி விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டால் அது டிபோர்ட்டேஷன். அப்படி வந்து இறங்கியவர் மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடலாம், நான் எழுதப்போகிற தடை எதுவும் அங்கே கிடையாது. அப்படி இல்லாமல், இந்தியா எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, அந்த நாட்டு நீதிமன்றம் விசாரித்து, அந்த அரசு உத்தரவு போட்டு ஒப்படைத்திருந்தால் அது எக்ஸ்ட்ரடிஷன். உங்கள் கேள்வியிலிருந்து பார்த்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நியூயார்க்கில் கலைப்பொருள் வியாபாரம் செய்த சுபாஷ் கபூர் இப்படித்தான் வந்தார். 2011 அக்டோபரில் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார், 2012 ஜூலையில் ஜெர்மனி ஒப்படைத்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் திருட்டு வழக்கில் 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு தண்டனை கொடுத்தது.

ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஆளை ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கும்: இவர் செய்ததாக நீங்கள் சொல்கிற காரியம் எங்கள் நாட்டிலும் குற்றமா? இதைத்தான் ட்யூவல் கிரிமினாலிட்டி என்கிறோம், தமிழில் இரட்டைக் குற்றத்தன்மை. குற்றத்தின் பெயரோ பிரிவு எண்ணோ இரண்டு நாட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, செய்த காரியத்தைத்தான் பார்ப்பார்கள். தமிழ்நாடு 1993-ல், அப்போது இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் திருத்தம் செய்து, வழிபாட்டு இடத்திலிருந்து சிலை திருடுவதற்கென்று தனி உட்பிரிவுகளைச் சேர்த்தது. ஜெர்மன் சட்டத்தில் சிலைத் திருட்டு என்று தனிப் பிரிவு தேடினால் கிடைக்காது. ஆனால் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து திருடுவது அங்கேயும் குற்றம், திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி விற்பதும் அங்கேயும் குற்றம். இரட்டைக் குற்றத்தன்மைக்கு அது போதும்.

இரண்டு நாட்டிலும் குற்றமாக இருந்தால் மட்டும் ஒப்படைத்துவிட மாட்டார்கள், குற்றத்துக்குக் கனமும் வேண்டும். ஒப்பந்தங்களில் பொதுவாகக் குறைந்தது ஒரு வருஷமாவது சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். ஒப்பந்தம் இல்லாத நாடுகளுக்கு நம்முடைய 1962-ம் வருஷத்து எக்ஸ்ட்ரடிஷன் சட்டமும் அதே ஒரு வருஷ அளவைத்தான் வைத்திருக்கிறது. சிலை வழக்குகளில் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் தொல்பொருளை ஏற்றுமதி செய்தால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்தாலோ, பதிவு செய்ய வேண்டிய சிலையைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தாலோ அதிகபட்சமே ஆறு மாதம்தான். ஆக, சிலையைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டை மட்டும் நம்பி வெளிநாட்டில் ஆளைக் கேட்டால் முதல் படியிலேயே விழுந்துவிடும். தண்டனை போதாது என்பது ஒன்று, இன்னொரு நாட்டில் அப்படி ஒரு பதிவுக் கடமையே இல்லாமல் இருக்கலாம் என்பது இன்னொன்று. அதனால்தான் அனுபவமுள்ள விசாரணை அதிகாரி கோரிக்கையைத் தயாரிக்கும்போது தொல்பொருள் சட்டத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, கோயிலை உடைத்தது, சதி, திருட்டுப் பொருளை வாங்கியது என்ற மூன்றையும் முன்னால் வைப்பார். யார் எந்த இரவில் எந்தக் கதவை உடைத்தார்கள், பணம் யாரிடமிருந்து எந்தக் கணக்குக்கு வந்தது, சிலை எந்தப் பெட்டியில் என்ன பெயரில் கப்பல் ஏறியது என்று சம்பவங்களாகவே எழுதுவார். பிரிவு எண்களை மட்டும் அடுக்கி, நடந்தது என்ன என்று சொல்லாமல் விட்ட கோரிக்கை அந்த நாட்டு நீதிபதிக்கு ஒன்றும் புரியாமல் திரும்பி வரும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். அந்த வெளிநாட்டு நீதிமன்றம் நாம் அனுப்பிய குறிப்பிட்ட சம்பவங்களைப் பார்த்துத்தான், இதற்காக இவரை ஒப்படைக்கலாம் என்று முடிவு செய்தது. வேறு எதையும் அது சோதித்துப் பார்க்கவில்லை. அதனால் வாங்கிய நாடு அந்தக் குற்றங்களுக்கு மட்டுமே அவரை விசாரிக்க வேண்டும். இதுதான் ஸ்பெஷாலிட்டி விதி. இது இல்லையென்றால் முன்னால் செய்த சோதனைக்கெல்லாம் அர்த்தமே இருக்காது. திருட்டு என்று சொல்லி வாங்கிவிட்டு அரசியல் வழக்கில் உள்ளே போடலாம், இரட்டைக் குற்றத்தன்மையில் தேறாத குற்றத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரலாம். 1886-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ராஷர் என்ற கப்பல் அதிகாரியின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கப்பல் பணியாளர் ஒருவரைக் கொன்றதாகச் சொல்லி பிரிட்டனிடமிருந்து அவரை வாங்கிவந்தார்கள், அமெரிக்காவுக்கு வந்ததும் அதே பணியாளரைக் கொடுமையாகத் தண்டித்ததாக வேறு குற்றம் சாட்டினார்கள். கொலைக்காக வாங்கிய ஆளை அதற்கு மட்டும்தான் விசாரிக்கலாம், இது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் எக்ஸ்ட்ரடிஷன் சட்டத்தில் இது 21-ம் பிரிவு. வெளிநாடு ஒப்படைத்த ஆளை, அவர் அந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படும்வரை அல்லது திரும்பிப் போக வாய்ப்புக் கிடைக்கும்வரை, மூன்று வகைக் குற்றங்களுக்கு மட்டுமே விசாரிக்கலாம். எந்தக் குற்றத்துக்காக ஒப்படைத்தார்களோ அது. ஒப்படைப்பைப் பெறுவதற்காக நாம் நிரூபித்த அதே சம்பவங்களிலிருந்து தெரிகிற, அதைவிடச் சிறிய குற்றம். அப்புறம், ஒப்படைத்த நாடு தன் சம்மதத்தைக் கொடுத்த வேறு குற்றம். தயா சிங் லஹோரியா வழக்கில் 2001-ல் நம் உச்ச நீதிமன்றம் இதை நேரடியாகவே அமல்படுத்தியது. அமெரிக்கா ஒப்படைத்த உத்தரவில் இருந்த வழக்குகளைத் தவிர வேறு வழக்குகளில் அவரை விசாரிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

உங்கள் நிலைமையை இதில் வைத்துப் பார்ப்போம். வழக்குக் கட்டு என் கையில் இல்லை, அதனால் சில விவரங்களை நானே எடுத்துக்கொள்கிறேன். அந்த வியாபாரியை முதல் கோயிலின் சம்பவத்துக்காக, பூட்டை உடைத்துப் புகுந்து திருடச் சதி செய்தது, திருட்டுச் சிலையை வாங்கியது என்ற குற்றங்களுக்காக ஒப்படைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். இங்கே வந்தபிறகு போலீஸ் மூன்று விஷயத்தைக் கண்டுபிடிக்கிறது.

ஒன்று, முதல் கோயில் சிலைக்கே அவர் ஒரு போலிக் கடிதம் தயாரித்திருக்கிறார், இந்தச் சிலை பல வருஷங்களாக ஒரு வெளிநாட்டுச் சேகரிப்பாளரிடம் இருந்தது என்று. இந்தப் போலிக் கடிதத்துக்காக வழக்கில் கூடுதல் பிரிவு சேர்க்கலாமா? நாம் அனுப்பிய ஒப்படைப்புக் கோரிக்கையில் இந்தக் கடிதம் ஒரு சம்பவமாகச் சொல்லப்பட்டிருந்ததா என்பதைப் பொறுத்தது அது. சொல்லியிருந்தால், சாதாரணப் பொய் ஆவணத்துக்கான, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 465-ம் பிரிவைச் சேர்க்கலாம், அதற்கு அதிகபட்சம் இரண்டு வருஷம், சந்தேகமில்லாமல் சிறிய குற்றம். ஆனால் 467-ம் பிரிவைச் சேர்க்க நினைத்தால் அதற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். உடைத்துப் புகுந்து திருடியதற்கான 457-ம் பிரிவில் அதிகபட்சமே 14 வருஷம்தான். பெரிய குற்றத்தைச் சிறிய குற்றம் என்று சொல்லி நுழைக்க முடியாது. போர்ச்சுகல் ஒப்படைத்த அபு சலேமின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறிய குற்றம் என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறது: நிரூபித்த சம்பவங்களிலிருந்தே வர வேண்டும், தண்டனையும் ஒப்படைப்புக் குற்றத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும். கடிதத்தைப் பற்றிக் கோரிக்கையில் ஒரு வரிகூட இல்லையென்றால், எவ்வளவு சிறிய பிரிவாக இருந்தாலும் இந்த வழியில் உள்ளே வராது.

இரண்டாவது கண்டுபிடிப்பு உங்கள் அம்மன். வேறு ஊர், வேறு கோயில், வேறு இரவு. திருடிய கூட்டம் ஒன்றாகவே இருந்தாலும் இது முதல் கோயிலின் சம்பவங்களிலிருந்து தெரிகிற குற்றம் இல்லை. அதனால் ஒப்படைத்த நாட்டின் சம்மதம் இல்லாமல் இதற்கு அவரை விசாரிக்க முடியாது. உங்களிடம் முடியாது என்று சொன்னவர்கள் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது, உங்கள் கோயிலில் சிலையைக் கழற்றிய உள்ளூர் ஆட்கள், கடத்திய தரகர். இவர்கள் யாரையும் வெளிநாடு ஒப்படைக்கவில்லை, இவர்களுக்கு 21-ம் பிரிவு பாதுகாப்பு கிடையாது. வியாபாரிக்காக இவர்களின் வழக்கை நிறுத்திவைக்க எந்தக் காரணமும் இல்லை. வழக்கைப் பிரித்து நடத்தச் சொல்லி அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள். இதை யாரும் கேட்காததாலேயே வருஷக்கணக்கில் தூங்குகிற வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

வழக்கமாக நடக்கிற ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். வேறு வழக்கில் சிறையில் இருக்கிற ஆளை நம் வழக்கில் சேர்க்க போலீஸ் பி.டி. வாரண்ட் வாங்கி, ஆஜர்படுத்தி, ஃபார்மல் அரெஸ்ட் காட்டுவார்கள். நம் ஊர்க் கைதிகளுக்கு இது தினமும் நடக்கிற வேலை. ஒப்படைக்கப்பட்ட ஆளுக்கும் அதே பழக்கத்தில் செய்துவிட்டுக் குற்றப்பத்திரிகையும் தாக்கல் செய்தால், அவருடைய வக்கீல் 21-ம் பிரிவை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போவார், அந்த வழக்கு அவர் பங்குக்கு நின்றுவிடும். அதோடு போவதில்லை, முதல் வழக்கிலும் சேர்த்து வாதாட அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

அபு சலேம் விஷயத்தில் இது எவ்வளவு தூரம் போனது என்று பாருங்கள். 2005 நவம்பரில் போர்ச்சுகல் அவரை ஒப்படைத்தது. மரண தண்டனை கிடையாது, 25 வருஷத்துக்கு மேல் சிறை கிடையாது என்று 2002-லேயே அன்றைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி எழுத்தில் உறுதி கொடுத்திருந்தார். இங்கே வந்தபிறகு சில கூடுதல் குற்றச்சாட்டுகள் சேர்க்கப்பட்டன. அவை எல்லாம் சிறிய குற்றங்கள்தான், 21-ம் பிரிவு இடம் கொடுக்கிறது என்று 2010-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. லிஸ்பன் நீதிமன்றம் அதை ஒத்துக்கொள்ளவில்லை, ஒப்படைப்பின் நிபந்தனையை இந்தியா மீறிவிட்டது என்று 2011-ல் ஒப்படைப்பையே ரத்து செய்தது. ஆள் நம் சிறையில் இருக்கிறார், அவரை அனுப்பிய உத்தரவு அங்கே செத்துவிட்டது. கடைசியில் 2013-ல் அந்த வெளிநாட்டு உத்தரவு நம்மைக் கட்டுப்படுத்தாது என்று சொன்ன உச்ச நீதிமன்றமே, நாடுகளுக்கு இடையிலான மரியாதையை மனதில் வைத்து, அந்தக் கூடுதல் குற்றச்சாட்டுகளை சி.பி.ஐ. திரும்பப் பெற அனுமதித்தது. 25 வருஷ உறுதியும் சும்மா இல்லை. அந்தக் காலம் முடிந்ததும் அவரை விடுவிக்கக் குடியரசுத் தலைவருக்கு மத்திய அரசு ஆலோசனை சொல்ல வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் சட்டத்தில் சிறிய குற்றத்துக்கு இடமிருக்கிறது என்பதற்காக ஒப்படைத்த நாடும் அப்படியே படிக்கும் என்று நினைக்கக் கூடாது. அந்த நாட்டுடன் இருக்கிற ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சம்மதம் கேட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அடுத்த முறை நாம் ஆள் கேட்கும்போது அவர்கள் இந்தப் பழைய கணக்கைத்தான் முதலில் எடுப்பார்கள்.

சரி, சம்மதம் எப்படிக் கேட்பது? இது கிட்டத்தட்ட இன்னொரு எக்ஸ்ட்ரடிஷன் கோரிக்கைதான், ஆளைத் தேட வேண்டியதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு காகிதங்களைத் தயாரித்து, மாநில உள்துறை வழியாக டெல்லிக்கு அனுப்பும். அங்கே வெளியுறவு அமைச்சகத்தில் தூதரக, பாஸ்போர்ட், விசா வேலைகளைப் பார்க்கிற சி.பி.வி. பிரிவு தூதரகம் மூலம் அந்த நாட்டுக்குக் கொண்டுபோகும். எஃப்.ஐ.ஆர்., சாட்சி வாக்குமூலங்கள், சம்பவச் சுருக்கம், நம் சட்டப் பிரிவுகளின் வாசகம், எல்லாவற்றுக்கும் அந்த நாட்டு மொழியில் மொழிபெயர்ப்பு. ஒப்படைக்கப்பட்ட ஆள் இந்தப் புது வழக்கைப் பற்றி என்ன சொல்கிறார் என்று அதிகாரப்பூர்வமாகப் பதிவு செய்து அனுப்பச் சொல்லும் ஒப்பந்தங்கள் பல. 1957-ம் வருஷத்து ஐரோப்பிய உடன்படிக்கையிலும் 1990-ம் வருஷத்து ஐ.நா. மாதிரி ஒப்பந்தத்திலும் அது இருக்கிறது. அந்த நாடு உங்கள் வழக்கை மறுபடி முதலிலிருந்து சோதிக்கும். இரட்டைக் குற்றத்தன்மையையும் புதிதாகப் பார்க்கும்.

உங்கள் வழக்கில் எனக்குக் கவலையாக இருப்பது தேதி. சிலை எந்த வருஷம் போனது என்று சரியாகச் சொல்ல முடியுமா? பல கோயில்களில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து பார்த்தபோதுதான் சிலை இல்லாதது தெரிந்தது. நம் சட்டத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை, அதனால் நாம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அப்படி இல்லை. உதாரணமாக ஜெர்மனியில் ஐந்து வருஷம் வரை தண்டனை உள்ள சாதாரணத் திருட்டுக்கு வழக்குக் காலவரம்பே பொதுவாக ஐந்து வருஷம்தான். ஒப்பந்தத்தில் காலவரம்பைக் காரணமாகக் காட்டி மறுக்க இடம் இருந்தால், பழைய திருட்டை மட்டும் வைத்துக் கேட்கிற சம்மதம் கிடைக்காமல் போகலாம். அப்போது வியாபாரி பின்னால் செய்த காரியங்கள், வாங்கியது, போலி ஆவணத்தோடு விற்றது, இவற்றின் தேதிகள்தான் கைகொடுக்கும். விசாரணை அதிகாரியிடம் பேசும்போது திருட்டு இரவைப் பற்றி மட்டும் பேசாமல் விற்பனைத் தேதியைப் பற்றியும் கேளுங்கள்.

சம்மதம் வரவே இல்லையென்றால்? அவர் தண்டனை முடிந்தோ விடுதலையாகியோ வெளியே வந்து, இந்தியாவை விட்டுப் போக உண்மையான வாய்ப்பு இருந்தும் போகாமல் இங்கேயே இருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஐரோப்பிய உடன்படிக்கை இதற்கு 45 நாள் கொடுக்கிறது, நம் 21-ம் பிரிவில் நாள் கணக்கு எதுவும் இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டை முடக்கி வைத்துக்கொண்டு, போக வாய்ப்புக் கொடுத்தோமே என்று நீதிமன்றத்தில் சொன்னால் எடுபடாது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பெஷாலிட்டி விதி ஆளைப் பற்றியது, சிலையைப் பற்றியது இல்லை. உங்கள் அம்மன் இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருந்தாலும், அதைத் திரும்பக் கேட்க அந்த வியாபாரி மேல் வழக்கு நடக்க வேண்டிய அவசியமே கிடையாது. சுபாஷ் கபூர் விற்ற ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்துவிட்டார், கும்பகோணம் தீர்ப்பு வருவதற்கு எட்டு வருஷம் முன்னால். அதற்கும் முன்னால் திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர் நடராஜர் லண்டனில் நடந்த சிவில் வழக்கில் ஜெயித்து 1991-ல் திரும்பினார். அந்த வழக்கில் கோயிலே வாதியாக நிற்கலாம் என்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த வழக்குக்காக யாரையும் ஒப்படைக்கச் சொல்லி வாங்கிவரவில்லை.

அதனால் இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். அரசு வழக்கறிஞர் மூலம் அந்த ஒப்படைப்பு உத்தரவின் நகலையும், அதோடு அனுப்பிய சம்பவச் சுருக்கத்தையும் பாருங்கள். உங்கள் கோயில் பெயர் அதில் எங்காவது ஒரு வரியில் வந்திருந்தால் நிலைமையே மாறக்கூடும். வரவில்லையென்றால் சம்மதக் கோரிக்கை அனுப்பச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள், வாய்ச்சொல்லாக விடாதீர்கள். இன்னொரு பக்கம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 1950-களிலிருந்து எடுத்த கோயில் சிலைப் படங்கள் இருக்கின்றன, உங்கள் அம்மன் படம் அங்கே இருக்கிறதா என்று கோயில் நிர்வாகம் மூலம் எழுதிக் கேளுங்கள். படம் கிடைத்தால் அதன் தேதியோடு சேர்த்துச் சான்றிட்ட நகலாக வாங்குங்கள், சம்மதக் கோரிக்கைக்கும் சிலை மீட்புக்கும் அது ஒன்றே பயன்படும்.